டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க

2000களின் நடுவில் வீட்டில் கேபிள் இணைப்பு இருந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகவே இருக்கும். "ஹலோ, யாரு பேசறீங்க? எங்கேருந்து பேசறீங்க? கொஞ்சம் உங்க டிவி சத்தத்தைக் குறைச்சுக்கோங்க." கல்லூரி விழாவில் யாராவது தொகுப்பாளினி மாதிரி பேசிக் காட்டினால் இந்த வரி கட்டாயம் வரும், கூட்டமும் சிரிக்கும்.

நான் சில வருடங்கள் ஓர் இசைச் சேனலில் இந்த மாதிரி போன் நிகழ்ச்சிகளுக்குத் தயாரிப்பு வேலை பார்த்தவன். அந்த வரி எங்களுக்கு நகைச்சுவை இல்லை. ஸ்டுடியோவில் பேசுவது செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, கேபிள்காரர் வழியாகவோ டிடிஎச் பெட்டி வழியாகவோ வீட்டுக்கு வர வேண்டும். பூமியிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர், அதற்கே கால் விநாடி. படத்தையும் ஒலியையும் சுருக்கி அனுப்பி, மறுபடி விரிப்பதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தால் சில விநாடி தாமதம் ஆகிவிடும். போனிலோ தாமதமே இல்லை. ஆக, போனில் பேசுகிறவர் தான் பேசியதைச் சில விநாடி கழித்துத் தன் வீட்டு டிவியில் கேட்கிறார். தன் குரல் தாமதமாகத் தனக்கே திரும்பி வந்தால் யாராக இருந்தாலும் நாக்குக் குழறும். டிவியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் தொகுப்பாளரின் பழைய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், தொகுப்பாளரோ அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். போதாக்குறைக்கு டிவி சத்தம் போன் வழியாக மறுபடி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து எதிரொலியாகத் திரும்பத் திரும்பக் கேட்கவும் ஆரம்பிக்கும்.

தொகுப்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படிப் பழக்குகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியிலிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பேன். புதிதாக வருகிறவர் எல்லோரும் 'நான் நல்லா பேசுவேன்' என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் காதைத்தான். எதிரில் இருக்கும் ஆளின் பின்னணியில் என்ன ஓடுகிறது என்பது காதில் விழுகிறதா, விழுந்ததை வைத்து அடுத்த வார்த்தையை மாற்றத் தெரிகிறதா என்பதே தேர்வு.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். டிவியில் 'லைவ்' மாதிரித் தெரிவதில் பெரும்பகுதி லைவ் கிடையாது. பாட்டுப் போட்டி, நடனப் போட்டி, விவாத மேடை, சமையல் கலாட்டா எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து, வெட்டி ஒட்டி வருபவை. இறுதிச் சுற்றுகளில் சிலவற்றை நேரலையாகக் காட்டுவார்கள், அவ்வளவுதான். செய்தியை விட்டுவிட்டால் தினமும் உண்மையாகவே நேரலையில் ஓடியவை இசைச் சேனல்களின் போன் நிகழ்ச்சிகள்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது அறிவிப்பாளர் என்பவர் எழுதிக் கொடுத்ததைப் பிசகில்லாமல் படிப்பவர். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்த பிறகு, போனில் நேயரோடு பேசி அவர் கேட்ட பாட்டைப் போடும் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' பிரபலமாகி, அதைத் தொகுத்தளித்த உமாவுக்கு 'பெப்சி உமா' என்றே பெயர் நிலைத்தது. 2004-ல் சன் மியூசிக் வந்தபோது அந்த வகைப் பேச்சு நாள் முழுக்க ஓட ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பல மணி நேரம் நேரலை என்றால் அதற்கு ஆள் வேண்டுமே. தமிழ்த் தொகுப்பாளர்களில் ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடமே அதுதான். சிங்கப்பூர்த் தொலைக்காட்சியிலிருந்து வந்த ஆனந்த கண்ணனை இங்கே வீட்டுப் பிள்ளையாக்கியது சன் மியூசிக். இன்று ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் பார்க்கும் மணிமேகலையும் அங்கே போனில் பேசிப் பேசி வளர்ந்தவர்தான்.

வேறு வாசல்களும் உண்டு. மா.கா.பா. ஆனந்த் பண்பலை வானொலியிலிருந்து வந்தவர். சிவகார்த்திகேயன் 'கலக்கப் போவது யாரு' மேடையில் போட்டியாளராக நின்று, அப்புறம் அதே சேனலில் தொகுப்பாளரானவர். வானொலிக்காரருக்கு நேயரோடு பேசும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும், முகம்தான் புதிது. மேடை மிமிக்ரிக்காரருக்குக் கூட்டத்தின் சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்று தெரியும். எந்த வாசல் வழியாக வந்தாலும் சோதனை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திரையின் கீழே 'தொகுப்பாளர்கள் தேவை' என்று எழுத்து ஓடினால் போட்டோக்கள் மூட்டையாக வந்து சேரும். அதில் பாதியை உயரமும் முகமும் பார்த்து ஒதுக்குவார்கள். இதில் நியாயம் ஒன்றும் இல்லை, நிறம் பார்க்கிற வழக்கமும் இருந்தது, அதை மறைக்க முடியாது. மிஞ்சியவர்களை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுக் கேமரா முன்னால் நிற்க வைப்போம். முதலில் இரண்டு நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். இது எல்லோரும் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வருவது, ஆகவே இதற்கு மதிப்பு குறைவு. ல, ள, ழ மூன்றும் வேறு வேறாக ஒலிக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்வோம். செய்திப் பிரிவில் அதில் தவறினால் வாசலோடு சரி. இசைச் சேனலில் 'வாளப்பளம்' சொன்னவர்களும் உள்ளே வந்தார்கள், பார்க்கிறவர்கள் திட்டினார்கள், அதுவும் உண்மை.

அடுத்ததுதான் சோதனை. காதில் ஒரு சின்ன இயர்பீஸைச் செருகிவிடுவோம். அதில் வரும் குரலை நாங்கள் டாக்பேக் என்போம். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் அதில் பேசுவார். புதியவர் கேமராவைப் பார்த்து ஏதோ ஒரு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போதே தயாரிப்பாளர் காதில் "இருபது… பத்து… அஞ்சு, நாலு, மூணு" என்று எண்ணிக்கொண்டு வருவார். பூஜ்யம் வரும்போது வாக்கியம் இயல்பாக முடிந்திருக்க வேண்டும், நடுவில் வெட்டின மாதிரி நிற்கக் கூடாது. முதல் தடவை பத்துப் பேரில் எட்டுப் பேர் காதில் குரல் கேட்டவுடன் பேச்சை நிறுத்திவிட்டு, "ஆங்?" என்று கண்ணாடி ஜன்னலைப் பார்ப்பார்கள். அதில் தப்பே இல்லை, யாராவது காதில் பேசினால் திரும்பிப் பார்ப்பதுதான் மனித இயல்பு. இரண்டாவது, மூன்றாவது தடவையில் சமாளிக்கிறாரா என்பதைத்தான் பார்ப்போம்.

கடைசியாகப் பொய் போன். பக்கத்து அறையிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் நேயர் மாதிரி பேசுவார். ஒரு தடவை காது கேட்காத பாட்டி, ஒரு தடவை கோபக்காரர், ஒரு தடவை 'ம்', 'ஆமா' தவிர வேறு வார்த்தையே வராத பள்ளிக்கூடப் பையன். பையன்தான் கஷ்டம். கோபக்காரரைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம், ஒற்றை வார்த்தைக்காரரிடம் அழகும் குரலும் ஒன்றும் உதவாது.

எடுத்துக்கொண்டவரை உடனே நேரலையில் உட்கார வைத்துவிட மாட்டார்கள். சில வாரம் பதிவு நிகழ்ச்சி, அதாவது இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசும் 'லிங்க்' மட்டும். அதே சமயம் போன் மேசையில் உட்கார வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி அந்த மேசையில்தான் நடந்தது என்பேன்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே அங்கே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். மேசையில் இருப்பவர் பெயர், ஊர், என்ன பாட்டு, யாருக்காக என்று கேட்டு எழுதிக்கொண்டு, நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிடுவார். திருப்பிக் கூப்பிட்டால்தான் அது நிஜ நம்பர் என்று தெரியும், விளையாட்டுக்குக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அதிலேயே கழன்றுவிடுவார்கள். கேட்ட பாட்டு சேனலிடம் இருக்கிறதா, உரிமை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால், "அது இப்ப இல்லைங்க, அதே படத்துல வேற பாட்டு போடலாமா?" என்று பேசி முடிப்பார்கள். ஆகவே திரையில் தொகுப்பாளர், "சொல்லுங்க, உங்களுக்காக என்ன பாட்டு போடலாம்?" என்று கேட்கும்போது அந்தப் பாட்டு பெரும்பாலும் தயாராகக் காத்துக்கொண்டிருக்கும். கேள்வி நாடகம்தான். அதைத் தெரியாத மாதிரி கேட்கத் தெரிய வேண்டும், பதில் வந்ததும் சந்தோஷப்படவும் தெரிய வேண்டும்.

மேசையில் உட்கார்ந்தால் யார் யார் பேசுகிறார்கள் என்று தெரியும். அங்கேதான் உறவுமுறைப் பிரச்சினையும் புரியும். தமிழில் ஒருவரிடம் பேச வேண்டுமென்றால் அவர் நமக்கு யார் என்று முடிவு செய்தாக வேண்டும். அண்ணாவா, தம்பியா, அம்மாவா, அக்காவா? முகம் தெரியாமல், குரலை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. நாற்பது வயதுப் பெண்ணை 'பாட்டி' என்று கூப்பிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. உடையாத குரலுள்ள பையனை 'சொல்லுங்கக்கா' என்று விளித்து, அவன் வகுப்பே ஒரு மாதம் அவனைக் கிண்டல் செய்திருக்கும். அதனால் புதியவர்களுக்கு முதல் விதி, உறவு தெரியும்வரை பெயரோடு 'ங்க' மட்டும்: "சொல்லுங்க செல்வி." தனக்குப் பேரன் இருக்கிறான் என்று அவர் சொன்ன பிறகு 'அம்மா'. சின்னக் குழந்தைக்கும் 'நீங்க'தான். ஒருமையில் பேசினால் கொஞ்சலாகத்தான் இருக்கும் என்று தொகுப்பாளர் நினைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா அப்படி நினைக்க மாட்டார்.

கேட்கக் கூடாத கேள்விகள் அதைவிட முக்கியம். "கல்யாணம் ஆயிடுச்சா?" "எத்தனை குழந்தைங்க?" இரண்டும் ஊரில் சகஜமாகக் கேட்பவை, நேரலையில் கண்ணிவெடி. குழந்தை இல்லாதவர் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊர்ப் பெயர் கேட்கலாம், "எந்தத் தெரு?" என்று கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் தெருவின் பெயர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். பட்டணத்தில் வளர்ந்த புதியவர்களுக்கு இது புரிய நேரமாகும், விகற்பமே இல்லாமல்தான் கேட்பார்கள். பாட்டை யாருக்கு டெடிகேட் செய்கிறீர்கள் என்பதிலும் ஆபத்து உண்டு. ஒரு பையன் ஒரு பெண்ணின் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த நிமிடம் அந்தப் பெண் வீட்டில் என்ன நடக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் மேசையிலேயே, "வீட்டுல உள்ளவங்க பேரு, இல்லைன்னா ஃப்ரெண்ட்ஸ்னு பொதுவா சொல்லுங்க" என்று சொல்லிவிடுவோம். மீறிச் சொன்னால் தொகுப்பாளர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லக் கூடாது.

இலங்கையிலிருந்தோ, அங்கிருந்து போய் வெளிநாட்டில் இருப்பவர்களோ கூப்பிட்டால் புதியவர்கள் அவர்கள் தமிழைப் போலவே பேசிக் காட்ட ஆரம்பிப்பார்கள், அன்பாகத்தான். அவர் 'கதைக்கிறேன்' என்று சொன்னால் புரிந்துகொண்டு நம் தமிழில் பதில் சொன்னால் போதும். பேசிக் காட்டினால் எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம் விழும். அந்த மௌனத்தைக் கேட்கத் தெரியாதவர்கள்தான் மறுபடி மறுபடி அதைச் செய்வார்கள்.

சரி, ஒரு மணி நேர நிகழ்ச்சியின் கணக்கைப் பார்ப்போம். கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 10 நிமிடம், சேனலின் சொந்த நிகழ்ச்சி விளம்பரத்துக்கு 2 நிமிடம். நடைமுறையில் அதற்கு மேல் ஓடியதும் உண்டு, இப்போதைக்கு விதியையே வைத்துக்கொள்வோம். மிச்சம் 48 நிமிடம். நான்கு நிமிடப் பாட்டு ஏழு போட்டால் 28 போய்விடும். இருக்கும் 20-ல் வணக்கம், விடைபெறல், பிரேக்குக்கு முன்னும் பின்னும் இரண்டு வரி என்று நான்கு நிமிடம். ஏழு போனுக்கு மிஞ்சுவது 16 நிமிடம். ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் முதல் பதினைந்து விநாடி டிவி சத்தத்தைக் குறைக்கப் போய்விடும்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு போன் எப்படி ஓடும் என்று காட்டுகிறேன். பயிற்சியில் நாங்கள் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டும் வகை இது. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசுகிறார். புதியவர் ஆரம்பிக்கிறார்: "என்ன பண்றீங்க?" பதில்: "வீட்டுல சும்மாதான் இருக்கேன்." வீட்டு வேலை மொத்தத்தையும் செய்கிற பெண்கள் சொல்லும் பதில் இது. "ஓ, சூப்பர். என்ன பாட்டு வேணும்?" இருபது விநாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி. காதில் தயாரிப்பாளர், "இழு, இழு" என்கிறார். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் இரண்டு கையாலும் ரப்பரை இழுப்பது போல் சைகை காட்டுகிறார். புதியவர், "அப்புறம்… சாப்பிட்டீங்களா?" என்கிறார். மணி காலை பதினொன்று.

அதே போனைப் பழகியவர் வேறு மாதிரி எடுப்பார். "போன் பண்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கையில என்ன வேலை இருந்துச்சு?" இந்தக் கேள்விக்கு 'சும்மா' என்று பதில் சொல்ல முடியாது. "பூ கட்டிக்கிட்டிருந்தேன்." "மல்லியா, கனகாம்பரமா?" "மல்லிதான், கடைக்குக் கட்டிக் குடுக்கறது." "இன்னிக்கு எத்தனை முழம் ஆச்சு?" "காலையிலேருந்து முப்பது முழம் இருக்கும். டிவியைப் பாத்துக்கிட்டே கட்டுவேன், கை தானா போகும்." இப்போது காதில் குரல் வருகிறது, "நாற்பது செகண்ட்." அதே நேரத்தில் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு குரலும் ஒரே காதில். "அப்ப உங்க கை நிக்காத மாதிரி பாட்டா போடணும். யாருக்குப் போடலாம்?" "என் பேத்திக்கு. இன்னிக்குப் பொறந்தநாள்." இனி 'அம்மா' என்று கூப்பிடலாம். "பேத்தி பேரு என்னம்மா?" பெயர் வருகிறது, வாழ்த்து சொல்கிறார், "அஞ்சு, நாலு, மூணு" என்று காதில் எண்ணும்போது, "இந்தாங்கம்மா, முப்பத்தோராவது முழத்துக்கு" என்கிறார். பாட்டு ஓடுகிறது. முதல் கேள்வியையும் 'யாருக்குப் போடலாம்?' என்பதையும் தவிர எந்தக் கேள்வியும் தொகுப்பாளர் வீட்டிலிருந்து கொண்டு வந்தது கிடையாது, எல்லாம் அந்தப் பெண்ணின் முந்தைய பதிலிலிருந்து எடுத்தது.

தவறு எங்கே நடக்கும் என்பதும் இதிலேயே இருக்கிறது. லைன் துண்டிக்கப்படுவது பெரிய விஷயம் இல்லை. "நெட்வொர்க் சரியில்லை போல, மறுபடி ட்ரை பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடலாம். யாராவது அசிங்கமாகப் பேசினால் ஒலி மேசையில் இருப்பவர் அந்த லைனை இறக்கிவிடுவார். நேரலையைச் சில விநாடி நிறுத்தி வைத்து அனுப்பும் கருவி இருந்தால் அந்த வார்த்தை வெளியே போகாது, இல்லாத சேனல்களில் முதல் வார்த்தை போயே தீரும். அப்போது தொகுப்பாளர் முகம் மாறக் கூடாது, 'அப்படி என்ன சொன்னான்' என்று பார்க்கிறவர்களை யோசிக்க வைக்கக் கூடாது. இதையெல்லாம் பழக்கிவிடலாம்.

பழக்க முடியாமல் போவது 'சூப்பர்'. காதில் தயாரிப்பாளர் பேசும்போது நேயர் சொல்வது விழாது. விழாத பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும், அதற்கென்று நாக்கு ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருக்கும். நான் கண்ட்ரோல் ரூமில் இருந்த ஒரு நாள், ஒரு பெண் போனில், "எங்க வீட்டுக்காரர் போன மாசம் தவறிட்டாரு, அவருக்குப் புடிச்ச பாட்டு" என்றார். அதே விநாடி நான் காதில், "அடுத்த பிரேக் ஒரு நிமிஷம் முன்னாடியே வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தொகுப்பாளர் முகம் நிறையச் சிரிப்போடு, "ஓ, சூப்பர்ங்க!" என்றார். அவரை எல்லோரும் திட்டினார்கள். தப்பு என்னுடையது. நேயர் பேசும்போது காதில் பேசக் கூடாது, எண்களை மட்டும் சொல்லலாம் என்பது தயாரிப்பாளருக்கான விதி, அதைத் தொகுப்பாளர் பயிற்சியில் யாரும் சேர்ப்பதில்லை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு, நன்றி என்று வைத்துவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு தொகுப்பாளரின் கேள்வியில் நேயர் சற்று முன் சொன்ன வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கேள்வி தொடர்ந்து அப்படி இல்லையென்றால் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அட்டையைப் படித்துக்கொண்டிருக்கிறார், அல்லது அவர் காதில் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

போனிலிருந்து அரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு வேலை மாறும். விசு நடத்திய 'அரட்டை அரங்க'த்திலும், 2006 முதல் கோபிநாத் நடத்திவரும் 'நீயா நானா'விலும் பேசுகிறவர்கள் கண் முன்னால் இருக்கிறார்கள், முகம் தெரிகிறது, உறவுமுறைக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நேரமும் தாராளம். இந்த வகை நிகழ்ச்சியில் பல மணி நேரம் பதிவு செய்து, திரைக்கு வருவது அதில் ஒரு பங்குதான். ஆனால் இரண்டு நிமிடத்துக்குப் பழகியவருக்கு மூன்றாவது மணி நேரத்தில் கேட்கும் தெம்பு இருக்காது. இது வேறு வகைப் பயிற்சி.

அரங்கத்துக்கு ஆட்களைத் தேடும் குழு ஒன்று தனியாக இருக்கும். அவர்கள் முன்பே போனில் பேசி, யாருக்கு என்ன கதை என்று குறித்து வைத்திருப்பார்கள். தொகுப்பாளர் கைக்கு வரும் தாளில், 'மூன்றாவது வரிசை, நீலச் சட்டை, அப்பாவோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை' என்கிற மாதிரி இருக்கும். அனுபவம் இல்லாதவர் நீலச் சட்டையிடம் நேரே போய், "நீங்க அப்பாவோட பேசறதில்லையாமே?" என்பார். அது போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், அவர் சுருங்கிவிடுவார். தெரிந்தவர் எதிர்ப்பக்கத்தில் ஒரு அப்பாவைப் பேச வைப்பார். பேச்சு நடுவில் நீலச் சட்டையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் உதடு அசையும் நேரத்தில் மைக் அங்கே போகும்.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வையாளர் நடுவில் போய்ப் பேசும் நிகழ்ச்சிகளில் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, மரியாதைக்காக மைக்கை எதிராளியின் கையில் கொடுத்துவிடுவது. கொடுத்தால் திரும்பி வராது. அவர் தன் வார்டு கவுன்சிலரில் ஆரம்பித்து மொத்த ஊருக்கும் நன்றி சொல்லி முடிக்கும்வரை நாம் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மைக் எப்போதும் தொகுப்பாளர் கையில், எதிராளியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுக் கீழே. பேச்சை முடிக்க வேண்டுமென்றால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மைக் மெதுவாக நம் பக்கம் திரும்பும். பிடுங்கினது போலத் தெரியாது. அதைச் செய்ய அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று காதால் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, வேண்டிய பாட்டு யூடியூபில் இருக்கிறது, ஒரு பாட்டுக்காக அரை மணி நேரம் 'லைன் பிசி' கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. போன் நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டன, இருப்பதிலும் வாட்ஸ்அப் செய்திகளைப் படித்துக் காட்டுகிறார்கள். தொகுப்பாளர் தேர்வுக்குப் போட்டோவுக்குப் பதில் ரீல்ஸ் கேட்கிறார்கள், பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். ரீல்ஸ் செய்கிறவர்களுக்குக் கேமரா பயம் துளிகூட இல்லை, இது நிஜமாகவே லாபம். ஆனால் அவர்கள் பேசிப் பழகியது பதில் பேசாத கேமராவிடம்.

போன வருடம் ஒரு நண்பர் தன் சேனலின் தேர்வுக்கு என்னையும் உட்காரச் சொன்னார். பழைய ஆள் என்பதால் பொய் போன் சோதனையை நான் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். பாட்டி வேஷத்தில் பேசியவர் ஒன்றும் பேசாமல் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் சிலர் கத்தினார்கள், சிலர் தாங்களே பாட ஆரம்பித்தார்கள், ஒரு பெண், "பாட்டி, உங்க டிவி சத்தத்தைக் குறைங்க" என்றார். அங்கே டிவியே கிடையாது. மதியத்துக்கு மேல் திருவாரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். சுமாரான உயரம், பழைய சட்டை, இரண்டு 'ம்' கேட்டான். அப்புறம் சில விநாடி சும்மா இருந்தான். தேர்வில் யாரும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை, நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பாட்டி, பின்னாடி குக்கர் விசில் அடிக்குதே. போய் அடுப்பை அணைச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றான்.

பக்கத்து அறைக்கு அடுத்தது கேன்டீன்.